ஒப்பந்தக் கோப்பில் விழும் கையொப்பம் எதைப் பூட்டுகிறது, எதைப் பூட்டுவதில்லை

ஒரு பதிப்பகம் மொழிபெயர்ப்பாளர் ஒருவருக்கு ஒப்பந்தம் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். கோப்பு 14 பக்கம். அதனுடன் செல்லும் மின்னஞ்சலில் முக்கிய விதிகளின் சுருக்கமும், எந்தத் தேதிக்குள் கையொப்பமிட வேண்டும் என்பதும், எப்படிக் கையொப்பமிடுவது என்பதும் எழுதப்பட்டிருக்கும். பெறுபவரின் கண்ணுக்கு இவை எல்லாம் சேர்ந்து ஒரே பொருளாகத் தெரிகின்றன. கணினியைப் பொறுத்தவரை கோப்பு வேறு, கடிதம் வேறு. மின்கையொப்பம் கோப்பை மட்டுமே பூட்டுகிறது, கடிதத்தைத் தொடுவதே இல்லை. ஒப்பந்தம் அனுப்புவதில் நேரும் தவறுகளில் பெரும்பாலானவை இந்த ஒரு வேறுபாட்டை மறப்பதால் வருகின்றன என்பது என் கருத்து.

பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்க்கலாம். கோப்பின் பைட்டுகள் அனைத்தையும் ஒரு கணக்கீட்டுக்குள் செலுத்தினால், கோப்பு எவ்வளவு பெரியதாக இருந்தாலும், ஒரே நீளமுள்ள ஓர் எண் வெளியே வருகிறது. அதை ஹேஷ் என்பார்கள். இன்று பரவலாகப் பயன்படும் `SHA-256` முறையில் அது 256 பிட், அதாவது 64 எழுத்தாக எழுதக்கூடிய ஓர் எண். `hello` என்ற சொல்லின் ஹேஷ் `2cf24dba` என்று தொடங்குகிறது. முதல் எழுத்தை மட்டும் பெரிதாக்கி `Hello` என்று எழுதினால் அது `185f8db3` என்று தொடங்குகிறது. ஒரே எழுத்து மாறியதற்கு எண் முழுவதும் உருமாறிவிடுகிறது, பழையதற்கும் புதியதற்கும் சாயல்கூட இல்லை. நம் ஒப்பந்தத்தில் 30 நாள் என்பதை 45 நாள் என்று மாற்றினாலும் இதுவே நடக்கும்.

இந்த ஹேஷைக் கையொப்பமிடுபவர் மட்டுமே வைத்திருக்கும் ரகசிய எண்ணான தனித்திறவுகோல் கொண்டு ஒரு கணக்குக்கு உட்படுத்துகிறார்கள். அதன் விடைதான் மின்கையொப்பம். தனித்திறவுகோலுக்கு இணையான பொதுத்திறவுகோல், அது யாருடையது என்று சொல்லும் சான்றிதழில் எல்லோருக்கும் தெரியும்படி இருப்பதால், அந்த விடை குறிப்பிட்ட திறவுகோலிலிருந்துதான் வந்தது என்பதையும், கோப்பு அதன் பிறகு மாறவில்லை என்பதையும் யார் வேண்டுமானாலும் சரிபார்க்கலாம். ஆனால் கையொப்பத்தை அதே கோப்புக்குள் வைக்க வேண்டியிருப்பதால் ஒரு சிக்கல் எழுகிறது: கையொப்பம் தன்னையே உள்ளடக்கிய கோப்பின் ஹேஷைக் கணக்கிட முடியாது. பிடிஎஃப் வடிவம் இதை எளிமையாகத் தீர்க்கிறது. கோப்பின் நடுவே ஓர் இடைவெளி விட்டு, அதற்கு முன்னும் பின்னும் உள்ள பகுதிகளை மட்டும் ஹேஷ் செய்து, விடையை அந்த இடைவெளியில் பொருத்துகிறது. எந்தப் பகுதிகள் ஹேஷுக்குள் சென்றன என்பது கோப்பிலேயே இப்படி எழுதப்பட்டிருக்கும்:

```
/ByteRange [0 171204 187590 4210]
```

பைட் 0 முதல் 171204 பைட்டுகளும், பிறகு 187590ஆவது இடத்திலிருந்து 4210 பைட்டுகளும் பூட்டப்பட்டன என்பது இதன் பொருள். நடுவில் விடுபட்ட 16386 பைட்டுகளே கையொப்பம் அமரும் இடம். இந்த நான்கு எண்களைப் பார்த்தாலே போதும், மின்னஞ்சலில் எழுதிய ஒரு சொல்கூட இதற்குள் இல்லை என்பது தெளிவாகும். கடிதத்தில் இருப்பது பெறுபவர் படித்து மனத்தில் கொண்ட உறுதிமொழி; கோப்பில் இருப்பது அவர் கையொப்பமிட்ட உறுதிமொழி.

எனவே சுருக்கத்தைக் கோப்பின் நிழலாக எழுத வேண்டும். பேச்சுவார்த்தையின்போது பணம் செலுத்தும் கெடுவை 45 நாளிலிருந்து 30 நாளாக மாற்றியிருப்பார்கள். கோப்பில் திருத்தம் ஏறிவிட்டிருக்கும், ஆனால் மின்னஞ்சலில் இரண்டு வாரத்துக்கு முன் எழுதிய சுருக்கம் அப்படியே ஒட்டப்பட்டிருக்கும். மொழிபெயர்ப்பாளர் கடிதத்தில் 45 என்று படித்துவிட்டு, 30 என்று உள்ள கோப்பில் கையொப்பமிடுவார். கையொப்பம் முற்றிலும் செல்லுபடியாகும். சரிபார்ப்பு மென்பொருள் ஒரு குறையும் சொல்லாது. ஆனால் இருவரிடமும் ஒரே ஒப்பந்தத்தின் இரண்டு பதிப்புகள் இருக்கும், அவற்றில் ஒன்று அனுப்பியவரே எழுதிக் கொடுத்தது. இதைத் தவிர்க்க, சுருக்கத்தை நினைவிலிருந்து எழுதாமல், கையொப்பத்துக்குச் செல்லவிருக்கும் அந்தக் கோப்பையே திறந்து வைத்து, ஒவ்வொரு வரிக்கும் விதி எண்ணைச் சேர்த்து எழுத வேண்டும். விதி எண் இருந்தால் பெறுபவர் அரை நிமிடத்தில் ஒப்பிட்டுப் பார்த்துவிடுவார். அப்படி எழுதிய கடிதம் ஏறக்குறைய இப்படி இருக்கும்:

"மதிப்பிற்குரிய மொழிபெயர்ப்பாளர் அவர்களுக்கு, வணக்கம். நாம் இறுதி செய்த 14 பக்க ஒப்பந்தம் கையொப்பத்துக்காக உங்களுக்கு வந்து சேரும். கைப்பிரதியை ஒப்படைக்க ஆறு மாதம் (விதி 3); ஒப்படைத்த பிறகு 30 நாளுக்குள் பணம் (விதி 5.2), ஒரு தரப்பு விலக விரும்பினால் 60 நாள் முன்னறிவிப்பு (விதி 9). இந்தச் சுருக்கம் படிப்பதற்கு எளிமையாக இருக்கவே எழுதப்பட்டது; வேறுபாடு தெரிந்தால் ஒப்பந்தமே செல்லும், ஆனால் கையொப்பமிடும் முன் தயவுசெய்து எங்களிடம் தெரிவியுங்கள்."

கடைசி வாக்கியத்தின் இரண்டாம் பாதியை நான் மிகவும் முக்கியமாகக் கருதுகிறேன். 'ஒப்பந்தமே செல்லும்' என்பதை மட்டும் எழுதினால் அது அனுப்புபவரைக் காக்கும் கேடயமாகிவிடுகிறது. தெரிவியுங்கள் என்று கேட்டால்தான் பிழை பிடிபடுகிறது. எவற்றைச் சுருக்கத்தில் சேர்ப்பது என்பதற்கும் எனக்கு ஒரே அளவுகோல் உண்டு: பெறுபவரைப் பின்னாளில் வியப்பில் ஆழ்த்தக்கூடிய விதி, அவருக்குச் சாதகமாக இல்லாவிட்டாலும், அங்கே இருக்க வேண்டும். சாதகமான மூன்று விதிகளை மட்டும் சொல்லி, ஒப்பந்தம் தானாகவே புதுப்பிக்கப்படும் என்ற விதியை விட்டுவிட்ட சுருக்கம் பெறுபவரைத் தவறான பாதையில் நடத்துவதே ஆகும்.

கெடுவிலும் இதே இரட்டைத் தன்மை உண்டு. கடிதத்தில் எழுதிய தேதி ஒன்று. மின்கையொப்பம் பெற்றுத்தரும் இணையச் சேவையின் வழங்கியில் பதிவு செய்த, கையொப்பமிடுவதற்கான இணைப்பு செயலற்றுப்போகும் நேரம் இன்னொன்று. இரண்டையும் வெவ்வேறு திரைகளில் நிரப்புவதால் அவை எளிதில் விலகிப்போகின்றன. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்று எழுதினால் வெள்ளி மாலையா, நள்ளிரவா, யாருடைய நள்ளிரவு என்ற கேள்விகள் வரும். '20ஆம் தேதி நள்ளிரவு' என்பது அந்த நாளின் தொடக்கமா முடிவா என்பதும் ஆளுக்கு ஆள் மாறும். '20ஆம் தேதி 17:00 UTC' என்று எழுதினால் ஐயமில்லை. உலக நேரத்துக்கு ஒன்பது மணி முன்னால் வாழ்பவருக்கு அது 21ஆம் தேதி அதிகாலை 2 மணி. ஐந்து மணி பின்னால் வாழ்பவருக்கு 20ஆம் தேதி நண்பகல். பெறுபவரின் உள்ளூர் நேரத்தையும் அடைப்புக்குள் சேர்ப்பது மரியாதை. கெடு தவறினால் என்ன நடக்கும் என்பதையும் சொல்ல வேண்டும்: இணைப்பு மட்டும் காலாவதியாகி வேறொன்று கேட்டுப் பெறலாமா, அல்லது முன்மொழிவே திரும்பப் பெறப்படுமா என்பவை வெவ்வேறு விளைவுகள்.

கையொப்பம் எந்த நேரத்தில் விழுந்தது என்பதற்குக் கையொப்பமிடுபவரின் கணினிக் கடிகாரம் சான்றாகாது, ஏனெனில் அதை யாரும் பின்னோக்கி நகர்த்தலாம். அதற்காக நேர முத்திரை வழங்கும் தனிச் சேவைகள் உள்ளன. அவை ஹேஷை மட்டும் பெற்று, தம் கடிகார நேரத்தைச் சேர்த்து, தம் திறவுகோலால் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புகின்றன. இதற்கான நெறிமுறை 2001ஆம் ஆண்டின் `RFC 3161`. இதன் பயன் கெடுவோடு முடிவதில்லை. கையொப்பமிட்டவரின் சான்றிதழ் சில ஆண்டுகளில் காலாவதியாகிவிடும். அது செல்லுபடியாக இருந்த காலத்தில்தான் கையொப்பம் விழுந்தது என்று அப்போது எடுத்துக்காட்ட நேர முத்திரையே உதவும்.

கையொப்பமிடும் வழிமுறையை எழுதும்போது பலரும் கவனிக்காத ஓர் உண்மை உண்டு. இணைப்பைச் சொடுக்கி, பெயரைத் தட்டச்சு செய்து அல்லது விரலால் வரைந்து முடிக்கும் சேவைகளில் பெரும்பாலானவற்றில், கோப்பைப் பூட்டுவது கையொப்பமிட்டவரின் திறவுகோல் அல்ல, சேவை நிறுவனத்தின் திறவுகோல். வரைந்த கோடு வெறும் படம். அதை வரைந்தவர் யார் என்பதற்கு ஆதாரம், எந்த மின்னஞ்சலுக்கு இணைப்பு சென்றது, எப்போது திறக்கப்பட்டது, எந்த இணைய முகவரியிலிருந்து ஒப்புதல் வந்தது என்று சேவை வைத்திருக்கும் நிகழ்வுப் பதிவுதான். ஆகையால் அந்த மின்னஞ்சல் பெட்டியை வேறு யாரேனும் திறக்க முடிந்தால் ஆதாரம் பலவீனமாகிவிடும். கைபேசிக்கு ஒருமுறைக் குறியீட்டை அனுப்பும் வசதியை இயக்குவதன் காரணம் இதுவே. 'இணைப்பை உதவியாளருக்கு அனுப்பாதீர்கள், நீங்களே திறக்க வேண்டும்' என்ற ஒரு வரி வழிமுறையில் இருந்தால், பின்னர் வரக்கூடிய பெரிய வழக்காடல் ஒன்று தவிர்க்கப்படும்.

இன்னொரு வரியும் அவசியம்: அச்சிட்டு ஸ்கேன் செய்து அனுப்ப வேண்டாம். பதிப்பகம் முதலில் கையொப்பமிட்டுவிட்டு அனுப்பிய கோப்பை மொழிபெயர்ப்பாளர் அச்சிட்டு, பேனாவால் ஒப்பமிட்டு, ஸ்கேன் செய்தால், திரும்பி வருவது புதிய கோப்பு. முதல் கையொப்பத்தின் பைட்டுகள் அதில் இல்லை, அதன் படம் மட்டுமே இருக்கும். முறைப்படி மின்வழியில் இரண்டாமவர் ஒப்பமிட்டால், அவருடைய கையொப்பம் பழைய பைட்டுகளைத் தொடாமல் கோப்பின் இறுதியில் சேர்க்கப்படுகிறது. முதல் கையொப்பம் தன் பகுதிக்குத் தொடர்ந்து செல்லுபடியாகும்; இரண்டாவதோ முதல் கையொப்பத்தையும் சேர்த்துப் பூட்டுகிறது. வரிசை முக்கியமாவதும் இதனால்தான்.

இறுதியில் சேர்க்க முடியும் என்பதே ஓட்டையாகவும் மாறலாம். கையொப்பத்துக்கு முன்பே கோப்பில் ஒரு பகுதியை மறைத்து வைத்து, ஒப்பம் விழுந்த பிறகு இறுதியில் சிறு மாற்றத்தைச் சேர்த்து அதை வெளிக்கொண்டுவரும் தாக்குதல்களை ஜெர்மனியின் போஹும் நகரிலுள்ள ரூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர். அப்போதைய பல வாசிப்பான்கள் அவற்றைக் கவனிக்கவில்லை. எனவே ஒப்பந்தம் முழுமையடைந்து திரும்பி வந்ததும், புதுப்பிக்கப்பட்ட வாசிப்பானில் திறந்து `Signed and all signatures are valid.` போன்ற அறிவிப்பைப் பார்ப்பதோடு நில்லாமல், கையொப்பப் பலகத்தில் `View Signed Version` என்பதைத் தேர்ந்து, ஒப்பம் விழுந்த நொடியில் இருந்த வடிவத்தையும் பார்க்க வேண்டும். அங்கே விதி 5.2 இன்னும் 30 நாள் என்றுதான் சொல்கிறதா, பக்கங்கள் 14தானா என்று பாருங்கள். அந்தக் கோப்பையும் நிகழ்வுப் பதிவையும், நீங்கள் அனுப்பிய கடிதத்தையும் ஒரே கோப்புறையில் சேமித்து வையுங்கள். கடிதத்தைக் காக்க எந்தத் திறவுகோலும் இல்லாததால் அதைத் தொலைக்காமல் வைத்திருப்பது உங்கள் பொறுப்பு.