ஒரே சாறி, ஒரே விலை, இரண்டு விதமான அட்டைக் கட்டணம்

வெள்ளவத்தையில், காலி வீதியோரம் ஒரு புடவைக்கடை என்று வைத்துக்கொள்வோம். கடைக்கு வந்த ஒருவர் 30,000 ரூபாய் சாறியை அட்டை கொடுத்து வாங்குகிறார். அதே சாறியை இலண்டனில் இருக்கும் ஒருவர், கொழும்பிலுள்ள தன் அம்மாவுக்காகக் கடையின் இணையத்தளத்தில் வாங்குகிறார். இரண்டுக்கும் வங்கியின் அனுமதி சில நொடிகளில் வந்துவிடுகிறது. ஆனாலும் இரண்டாவது விற்பனைக்குக் கடைக்காரர் வங்கிக்குக் கட்டும் கட்டணம் கூட, ஆபத்தும் கூட.

காரணம் அட்டையிலுள்ள சிப்பில் இருக்கிறது. அதற்குள் ஓர் இரகசியச் சாவி உண்டு. அது ஒருபோதும் வெளியே வருவதில்லை. மெஷின் தொகையையும் அப்போதே உருவாக்கிய ஓர் எழுமாற்று எண்ணையும் சிப்புக்குக் கொடுக்கிறது. இது தனது எத்தனையாவது பரிவர்த்தனை என்ற எண்ணையும் சேர்த்து, அந்தச் சாவியால் கணக்கிட்டு, சிப் ஒரு குறியீட்டைத் திருப்பித் தருகிறது. அட்டை வழங்கிய வங்கி அதே கணக்கைத் தன் பக்கத்தில் செய்து சரிபார்க்கிறது. அடுத்த முறை வேறு குறியீடு. ஆகவே ஒருவர் இதை ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்தாலும் இன்னொரு சாறி வாங்க அது உதவாது. அட்டையைத் தட்டிக் கட்டும்போதும் இதேதான் நடக்கிறது.

இணையத்தில் சிப்புக்கு வேலையே இல்லை. அட்டை இலக்கம், காலாவதித் திகதி, பின்புறத்து மூன்று இலக்கங்கள், இவ்வளவுதான் போகின்றன. இவை எதுவும் ஒவ்வொரு தடவையும் மாறுவதில்லை. ஒருமுறை கண்டு எழுதிக்கொண்டவர் எல்லாம் பயன்படுத்தலாம். தொலைபேசியில் கேட்ட இலக்கத்தைக் கடைக்காரர் மெஷினில் கையால் அழுத்தினாலும், விதிகளின்படி அதுவும் அட்டை இல்லாத விற்பனைதான்.

இங்கே பலர் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அனுமதி கிடைத்தது என்றால், அந்தக் கணக்கு உயிரோடு இருக்கிறது, தொகைக்கு இடம் இருக்கிறது என்று மட்டுமே பொருள். வாங்கியவர் அட்டைக்குச் சொந்தக்காரர் என்று வங்கி சொல்லவில்லை. சிப் வழியாக நடந்த விற்பனையில் பின்னர் மோசடி என்று தெரிந்தால், இழப்பு பொதுவாக அட்டை வழங்கிய வங்கியுடையது. இணைய விற்பனையில் அது கடைக்காரர் தலையில் விழுகிறது. அட்டைக்காரர் "நான் வாங்கவில்லை" என்று முறையிட வழக்கமாக 120 நாட்கள் வரை அவகாசம் உண்டு. சாறியின் கொள்விலை 24,000 ரூபாய் என்றால், பணம் திரும்பிப் போகும்போது அந்த 24,000 முழுதும் நட்டம். அதன் மேல் முறைப்பாட்டுக்கான கட்டணமும் சேரும். 6,000 ரூபாய் இலாபத்தில் இன்னும் நான்கு சாறிகள் விற்றால்தான் சாறியின் நட்டமாவது ஈடாகும்.

கடைக்காரர் கடையை மூடிவிட்டுப் போனால், திருப்பிக் கொடுக்கும் பொறுப்பு அவருக்கு மெஷினோ இணைய வசதியோ கொடுத்த வங்கிக்கு வரும். அந்தப் பயமும் கட்டணத்தில் ஒரு பங்கு.

கட்டணத்தின் பெரும் பகுதி அட்டை வழங்கிய வங்கிக்குப் போகிறது. அதில் இந்த வேறுபாடு எவ்வளவு என்பதை ஐரோப்பாவில் தெளிவாகப் பார்க்கலாம். வெளிநாட்டு அட்டைகளுக்கான உச்சவரம்பை 2019இல் விசாவும் மாஸ்டர்கார்டும் ஐரோப்பிய ஆணையத்திடம் ஏற்றுக்கொண்டன. கொழும்பில் எடுத்த கடன் அட்டையைப் பாரிஸ் லா சப்பல் கடையொன்றில் நேரில் கொடுத்தால் 0.3%, அதே கடையில் இணையம் வழியாக வாங்கினால் 1.5%. நம் சாறியின் விலைக்கு, 90 ரூபாயும் 450 ரூபாயும்.

சரி, கடைக்காரர் சந்தேகமான விற்பனையைத் தானே தடுக்க முடியாதா? அடுத்தடுத்து பல அட்டைகளை முயல்வது, அட்டை ஒரு நாட்டிலும் விநியோகம் இன்னொரு நாட்டிலும் இருப்பது, அவசரமாக அனுப்பச் சொல்வது எல்லாம் வழக்கமான அறிகுறிகள். ஆனால் இலண்டன் மகன் அம்மாவுக்குப் பிறந்தநாள் சாறி அனுப்புவதும் அச்சு அசலாக இப்படித்தான் தெரியும். புலம்பெயர்ந்தவர்களை நம்பி வியாபாரம் செய்யும் கடைக்கு இந்த வடிகட்டி நல்ல வாடிக்கையாளரையே தள்ளிவிடும்.

அதனால்தான் 3டி செக்யூர் முக்கியம். பணம் கட்டும் நேரத்தில் அட்டை வழங்கிய வங்கியே வாங்குபவரிடம் நேரடியாகக் கேட்கிறது: கைத்தொலைபேசிக்கு ஓடிபி, அல்லது வங்கியின் செயலியில் ஒப்புதல். அது வெற்றியாக முடிந்தால் "நான் வாங்கவில்லை" என்ற முறைப்பாட்டின் இழப்பு பொதுவாக வங்கியின் பக்கம் திரும்புகிறது. ஓடிபியை ஏமாற்றிப் பறித்தவர்களிடம் இது தோற்கும். ஆனால் அப்போது சிக்கிக்கொள்வது பெரும்பாலும் கடைக்காரர் அல்ல, அட்டைக்காரரும் அவருடைய வங்கியும்தான். "சாறி வந்து சேரவில்லை" என்ற முறைப்பாட்டுக்கு மட்டும் இந்தப் பாதுகாப்பு இல்லை. அதற்குக் கடைக்காரரிடம் இருக்க வேண்டியது, பொதியை அம்மா கையொப்பமிட்டு வாங்கிய கூரியர் பற்றுச்சீட்டு.