தன்மையா, தரமா? மில் சொன்ன ‘மேலான இன்பம்’

ஆங்கிலேயத் தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில், இன்பத்தைக் கூட்டித் துன்பத்தைக் குறைக்கும் செயலே சரியானது என்னும் பயன்பாட்டுவாதத்தை விளக்கி எழுதிய கட்டுரைகள் 1861-இல் ஃப்ரேசர்ஸ் மேகசின் என்ற லண்டன் இதழில் மூன்று பகுதிகளாக வந்தன. 1863-இல் அவை நூலாயின. அதன் இரண்டாம் அத்தியாயத்தில்தான் மேலான இன்பம், கீழான இன்பம் என்ற பாகுபாடு இருக்கிறது. இதைத் தமிழில் சொல்ல வரும்போது ‘பேரின்பம், சிற்றின்பம்’ என்ற ஜோடிதான் முதலில் நாக்கில் வரும். அதை ஒதுக்கிவிட வேண்டும் என்பதே என் கருத்து.

நம் வழக்கில் பேரின்பம் என்றால் வீடுபேறு, இறைவனோடு கலப்பது. சிற்றின்பம் என்றால் பெரும்பாலும் உடலுறவு. மில் வீடுபேற்றைப் பற்றிப் பேசவில்லை. அறிவு, உணர்ச்சி, கற்பனை, அறவுணர்வு ஆகியவற்றால் வரும் இன்பங்களை ஒரு பக்கமும், வெறும் புலன்களால் வரும் இன்பங்களை இன்னொரு பக்கமும் வைக்கிறார், அவ்வளவுதான். ஆனால் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பேர், சிறு என்ற அடைகள் அளவைச் சொல்பவை. மில் அடித்துச் சொல்ல வந்ததோ, இது அளவு பற்றிய பேச்சே இல்லை என்பது. அந்த ஜோடியைப் போட்டால், அவர் எதை மறுத்தாரோ அதையே அவர் வாயில் திணித்தது போலாகும்.

அவர் எதை மறுத்தார் என்று புரிய அவருக்கு முன்பே இந்தக் கொள்கையை வகுத்த ஜெரமி பென்தமிடம் போக வேண்டும். பென்தம் 1789-இல் வெளியிட்ட நூலில் இன்பத்தை எடைபோட ஏழு கூறுகளைச் சொன்னார்: எவ்வளவு தீவிரம், எவ்வளவு நேரம், எவ்வளவு உறுதி, எவ்வளவு அருகில், இன்னும் இன்பங்களைப் பெற்றுத்தருமா, துன்பம் கலக்காததா, எத்தனை பேருக்குப் போய்ச் சேரும். ஏழுமே அளவுதான். எந்த வகை இன்பம் என்ற கேள்விக்கு அதில் இடமே கிடையாது. 1825-இல் ஆங்கிலத்தில் வந்த வேறொரு நூலில் அவர் இதை ஒளிவுமறைவில்லாமல் எழுதினார்: முன்முடிவுகளைத் தள்ளி வைத்துப் பார்த்தால், புஷ்-பின் என்ற விளையாட்டு இசைக்கும் கவிதைக்கும் சமமான மதிப்புடையது, அது கூடுதல் இன்பம் தந்தால் அவற்றைவிட மதிப்புடையது. புஷ்-பின் என்பது சிறுவர்கள் ஊசிகளைத் தள்ளி, எதிராளியின் ஊசி மேல் தன் ஊசியை ஏற்றப் பார்க்கும் சாதாரண விளையாட்டு.

இன்பத்தையே அளவுகோலாக்கும் இது பன்றிக்கு ஏற்ற தத்துவம் என்று கட்டுரையாளர் தாமஸ் கார்லைல் ஏசினார். இன்பமே நன்மை என்று சொன்ன பழைய கிரேக்க நாட்டு எபிகூரஸுக்கும் இதே ஏச்சுதான் கிடைத்தது. மில் அதற்குச் சொன்ன பதில் எளிமையானது. மனிதனைப் பன்றியாக்குவது அப்படி ஏசுகிறவர்கள்தான். மனிதனுக்குப் பன்றிக்கு இருக்கும் இன்பங்களைத் தவிர வேறு இல்லை என்று அவர்கள்தானே நினைத்துக்கொள்கிறார்கள்? மற்ற எல்லாவற்றையும் மதிப்பிடும்போது அளவோடு ‘குவாலிட்டி’யையும் பார்க்கிறோம், இன்பத்தில் மட்டும் ஏன் பார்க்கக் கூடாது என்று கேட்டார்.

இந்தச் சொல்லில்தான் முடிச்சு இருக்கிறது. ஆங்கிலச் சொல்லின் வேர் லத்தீனில் இருக்கிறது. கிரேக்கத் தத்துவத்தை லத்தீனில் எழுத முயன்ற ரோமானியர் சிசெரோ ‘குவாலிதாஸ்’ என்று ஒரு புதுச் சொல் கட்டினார். பிளேட்டோ தியாடெடஸ் உரையாடலில் கட்டிய ‘பொயோடெஸ்’ என்ற சொல்லுக்கு அது ஈடு. இரண்டும் ‘எப்படிப்பட்டது’ என்று கேட்கும் வினாச்சொல்லிலிருந்து பிறந்தவை. ஆக, முதல் பொருள் ‘எத்தன்மையது’ என்பதே. அதில் உயர்வு தாழ்வு கிடையாது. சிவப்பும் ஒரு தன்மை, கசப்பும் ஒரு தன்மை. ‘சிறந்தது’ என்ற பொருள் பிறகு ஏறியது. இன்று நாமும் கடையில் ‘குவாலிட்டி எப்படி?’ என்று கேட்டால் தரத்தைத்தான் கேட்கிறோம்.

தமிழில் இந்த இரண்டு பொருளுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது. எப்படிப்பட்டது என்பதற்குத் தன்மை, பண்பு. எவ்வளவு உயர்ந்தது என்பதற்குத் தரம். வேதியியல் பாடத்தில் பண்பறி பகுப்பாய்வு என்பது உப்பில் என்ன இருக்கிறது என்று காட்டும், அது நல்ல உப்பா என்று சொல்லாது. மில்லின் வாதம் ஒரே சொல்லை வைத்துக்கொண்டு முதல் பொருளிலிருந்து இரண்டாம் பொருளுக்கு நகர்கிறது: இன்பங்கள் தன்மையில் வேறுபடுகின்றன என்று தொடங்கி, ஆகவே ஒன்று தரத்தில் உயர்ந்தது என்று முடிக்கிறது. நடுவே ஒரு பாலம் வேண்டும். அந்தப் பாலமாக அவர் வைத்ததுதான் நடுவர் சோதனை.

சோதனை இதுதான். இரண்டு இன்பங்களையும் அனுபவித்தவர்கள் எல்லோரும், அல்லது கிட்டத்தட்ட எல்லோரும், ஒன்றைத் திட்டவட்டமாக விரும்பினால் அதுவே விரும்பத்தக்கது. கடமை என்று நினைத்து விரும்பியிருக்கக் கூடாது. அதோடு, கூடுதல் மனக்குறை வரும் என்று தெரிந்தும் அதையே பிடித்துக்கொண்டு, மற்றதை எவ்வளவு கொடுத்தாலும் அதை விட்டுத்தர மாட்டோம் என்றால், அந்த உயர்வு அளவால் வந்ததல்ல, தன்மையால் வந்தது. திருப்தியடைந்த முட்டாளைவிடத் திருப்தியற்ற சாக்ரடீஸாக இருப்பதே மேல் என்ற புகழ்பெற்ற வரி இதைத் தொடர்ந்துதான் வருகிறது. முட்டாளும் பன்றியும் மாறுபட்ட கருத்து சொன்னால், அவர்களுக்குத் தங்கள் பக்கம் மட்டுமே தெரியும் என்கிறார் மில்.

இது நியாயமான ஒப்பீடுதானா? பென்தமின் புஷ்-பின்னையும் கவிதையையும் வைத்தே பார்ப்போம். நடுவராக மில்லையே அழைக்கலாம். கவிதைப் பக்கத்துக்கு அவரைவிடத் தகுதியான சாட்சி கிடைப்பது கடினம். 1826-இல், இருபது வயதில், அவருக்கு எதிலும் பிடிப்பில்லாத கடும் மனச்சோர்வு வந்தது. 1828-இல் ஆங்கிலக் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த்தின் கவிதைகளைப் படித்தபோது அது தன் மனநிலைக்கு மருந்தாக இருந்ததாகத் தன்வரலாற்றில் எழுதுகிறார். சரி, விளையாட்டுப் பக்கம்? அதே தன்வரலாற்றில், மூன்று வயதிலேயே கிரேக்கம் படிக்கத் தொடங்கியதையும், விளையாட்டுப் பொருள்கள் தனக்கு அநேகமாக இருந்ததே இல்லை என்பதையும், படிக்கும் பழக்கம் கெட்டுவிடக் கூடாதென்று விடுமுறையே தரப்படவில்லை என்பதையும் சொல்கிறார். தோழர்களோடு கூச்சலிட்டு விளையாடும் சிறுவனின் இன்பத்தை முழு வேகத்தில் அறியாதவர், தன் சொந்த விதிப்படியே இந்த வழக்கில் நடுவராக அமர முடியாது. மில்லை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு பக்கமும் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி மேல்பக்கம் நிற்பவரையும் கட்டும் என்பதற்காகச் சொல்கிறேன். சாக்ரடீஸுக்கு முட்டாளின் பக்கமும் தெரியும் என்று மில் எளிதாக எடுத்துக்கொள்கிறார். அதை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை.

அடுத்து, இரண்டையும் அனுபவித்த ஒருவர் புஷ்-பின்னையே தேர்ந்தால் என்ன செய்வது? மில் இதை எதிர்பார்த்தே எழுதியிருக்கிறார். நுண்ணுணர்வு என்பது மென்மையான செடி. வேலையும் சூழலும் அதற்கு இடம் தராவிட்டால் பட்டுப்போகும். அப்படிப் பட்டுப்போனவர்கள்தான் கீழானதைத் தேர்கிறார்கள் என்கிறார். இதில் உண்மை நிறைய இருக்கிறது. நாள் முழுக்க ஆலையில் நின்ற தொழிலாளி இரவில் கவிதைப் புத்தகத்தைத் திறக்காதது கவிதையைப் பற்றி எதையும் நிரூபிக்காது. ஆனால் இந்த விளக்கத்தைக் கட்டுப்பாடில்லாமல் பயன்படுத்தினால் சோதனை தோற்கவே தோற்காது. எதிராக வாக்களித்தவர்களை எல்லாம் ‘இவர் திறனை இழந்தவர்’ என்று தள்ளிவிடலாமே. அதைத் தடுக்க ஒரே வழி, திறன் இருக்கிறதா என்பதை அவருடைய தேர்விலிருந்து ஊகிக்காமல் தனியாகப் பார்ப்பது. கவிதையில் ஒரு சொல்லை மாற்றினால் அவருக்கு உறுத்துகிறதா? படித்த வரிகள் கேட்காமலே நினைவுக்கு வருகின்றனவா? அந்தத் திறன் உயிரோடு இருந்து, ஓய்வும் இருந்து, அப்போதும் அவர் விளையாட்டையே விரும்பினால், அந்த வாக்கை எண்ணித்தான் ஆக வேண்டும்.

‘எவ்வளவு கொடுத்தாலும்’ என்ற நிபந்தனையும் அப்படியே எடுத்துக்கொண்டால் நிற்காது. பசித்தவர் சோற்றைத் தள்ளிவிட்டுக் கவிதை கேட்பதில்லை. மில்லும் கேட்டிருக்க மாட்டார். அவர் அந்த இடத்தில் மேலான திறன்களைப் பயன்படுத்தும் ‘வாழ்முறை’ என்று எழுதுவதைக் கவனிக்க வேண்டும். ஒரு மணி நேரக் கவிதைக்கும் ஒரு மணி நேர விளையாட்டுக்கும் நடக்கும் போட்டியாக அதைப் படிக்கத் தேவையில்லை. கவிதையை உணரும் திறனையே நிரந்தரமாக எடுத்துக்கொண்டு, ஈடாக எவ்வளவு விளையாட்டு வேண்டுமானாலும் தருகிறோம் என்றால் ஒப்புக்கொள்வீர்களா என்பதே கேள்வி. அப்படிக் கேட்டால் பெரும்பாலோர் மறுப்பார்கள் என்று அவர் சொல்வது எனக்கு நம்பும்படி இருக்கிறது. ஆனால் விளையாடும் திறனை நிரந்தரமாக எடுத்துக்கொள்கிறோம் என்றாலும் பலர் மறுப்பார்கள். ஆகவே இதே கேள்வியை இரு பக்கமும் கேட்டால்தான் ஒப்பீடு நேர்மையாகும்.

இன்னொரு தாக்குதல் ஆங்கிலேயத் தத்துவவாதி ஜி. இ. மூரிடமிருந்து 1903-இல் வந்தது. இன்பம் ஒன்றுதான் நல்லது என்றால் இன்பத்தின் அளவைத் தவிர வேறெதையும் கணக்கில் சேர்க்க முடியாது. தன்மையைச் சேர்த்த கணமே இன்பமல்லாத வேறொன்றையும் நல்லது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்றார். இதற்கு மில்லின் நூலிலேயே பாதிப் பதில் கிடக்கிறது. பல்வலியும் பிரிவின் வலியும் ஒரே பொருளின் கூடுதல் குறைவுகள் அல்ல. இரண்டு இன்பங்களில் எது தீவிரமானது என்று சொல்லக்கூட, இரண்டையும் அறிந்தவர்களின் தீர்ப்பைத் தவிர வேறு நீதிமன்றம் இல்லை என்கிறார் மில். அதாவது, தன்மையை அளக்கக் கருவி இல்லை என்று குறை சொல்பவர்களிடம் அளவை அளக்கவும் கருவி இல்லை. பென்தமின் ஏழு கூறுகளில் நேரத்தையும் தலைகளையும் எண்ணலாம். தீவிரத்தை எண்ண முடியாது. மில்லின் வாதத்தில் எனக்கு மிக வலுவாகப் படுவது இந்த இடம்தான். மீதிப் பாதி, அதாவது ஏன் ஒரு தன்மை இன்னொன்றைவிட மதிப்புடையது என்பதற்கு, அவர் மனிதனின் தன்மதிப்பு உணர்வைத்தான் காட்டுகிறார். அது இன்பமா, வேறொன்றா என்ற மூரின் கேள்வி அங்கே அப்படியே நிற்கிறது.

இனி சொல்லுக்கு வருவோம். மில் முதலில் சொல்லும் வேறுபாட்டுக்கு ‘தன்மை’ என்று எழுதலாம். ‘பண்பு’ அறிவியலில் பொருந்தும், ஆனால் பேச்சில் அது நல்லொழுக்கத்தைக் குறிப்பதால் இங்கே குழப்பும். ‘தரம்’ என்ற சொல்லை நடுவர்கள் தீர்ப்புச் சொன்ன பிறகே கொண்டுவர வேண்டும். மொழிபெயர்ப்பின் முதல் வரியிலேயே ‘தரம்’ என்று போட்டால் வழக்கு விசாரணைக்கு முன்பே முடிந்துவிடும். இரு வகை இன்பங்களுக்கு ‘மேலான’, ‘கீழான’ என்பவை போதும். ‘கீழ்த்தரமான’ வேண்டாம்: அது வசைச்சொல், மில்லோ உணவையும் உறக்கத்தையும் வையவில்லை. அவருடைய வாக்கியம் தமிழில் இப்படி வரலாம்: ‘சில வகை இன்பங்கள் மற்றவற்றைவிட விரும்பத்தக்கவை, மதிப்புடையவை என்பதை ஏற்பது பயன்பாட்டுக் கொள்கைக்கு முற்றிலும் இசைவானதே.’ அவரும் அந்த இடத்தில் ‘வகை’ என்ற பொருள்படும் சொல்லைத்தான் எழுதியிருக்கிறார்.