கேஷ் அட்வான்ஸ்: சொல் விளக்கம்

கிரெடிட் கார்டை ஏடிஎம்மில் செருகிப் பணம் எடுத்தால், அதற்கு வங்கி வைத்திருக்கும் பெயர் கேஷ் அட்வான்ஸ்.

'கேஷ்' நம்முடைய 'காசு' என்ற சொல்லிலிருந்து போனது என்று பலர் நம்புகிறார்கள். அது பாதி உண்மைதான். ஆங்கிலத்தில் ஒரே எழுத்துக்கூட்டில் இரண்டு 'கேஷ்' உண்டு. இந்தியாவிலும் சீனாவிலும் புழங்கிய சிறு நாணயத்தைக் குறித்த சொல், தமிழ்க் காசு போர்த்துகீசியம் வழியாகப் போனது. ரொக்கத்தைக் குறிக்கும் சொல்லுக்குப் பிறப்பிடம் வேறு. பணப்பெட்டி என்று பொருள்படும் பிரெஞ்சு, இத்தாலியச் சொற்களும், அவற்றுக்கு மூலமான லத்தீன் 'காப்ஸா'வும்தான் அதற்கு வேர். இங்கே வருவது இந்தப் பெட்டிக் கேஷ்.

'அட்வான்ஸ்' பழைய பிரெஞ்சின் 'அவான்சர்'. 'முன்னாலிருந்து' என்று பொருள்தரும் லத்தீன் 'அபாண்டே' அதன் அடி. முன்னொட்டைத் தவறாகக் கணித்து ஆங்கிலத்தில் ஒரு எழுத்தைச் செருகிவிட்டார்கள். நாம் உச்சரிக்கும் 'ட்' அந்தத் தவறின் எச்சம்.

அட்வான்ஸ் என்றதும் தமிழ்க் காதுக்கு நினைவு வருவது நாம் முன்கூட்டிக் கொடுக்கும் தொகை. வங்கி வழக்கில் பொருள் நேர் எதிர்: வங்கி நமக்கு முன்னதாகக் கொடுத்து, பின்னால் வசூலிக்கும் கடன். அதனால் 'ரொக்க முன்பணம்' என்ற நேர்ப் பெயர்ப்பு ஆளைத் திசைதிருப்புகிறது. நம் பணத்தில் ஒரு பகுதியை முன்பே வாங்கிக்கொள்வது போன்ற எண்ணத்தை அது தருகிறது.

கடையில் கார்டு தேய்த்தால், முழு பாக்கியையும் கெடு நாளுக்குள் கட்டுபவருக்கு வட்டியில்லாக் காலம் கிடைக்கும். அங்கே கடைக்காரர் தரும் கழிவில் ஒரு பங்கு கார்டு கொடுத்த வங்கிக்குப் போகிறது. ஏடிஎம்மில் கடைக்காரரே இல்லை. மாறாக, இயந்திரத்தின் உரிமையாளருக்கு வங்கிதான் கட்டணம் தரவேண்டியிருக்கும். அதனால் எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடத் தொடங்கும். எடுத்ததற்கான கட்டணம் தனி. பல கார்டுகளில் இதற்கான வட்டி விகிதம் கடைச் செலவுக்குரியதைவிடக் கூடுதலாகவும் இருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். கட்டணம் 3 விழுக்காடு, வட்டி ஆண்டுக்கு 36.5 விழுக்காடு, அதாவது நாளுக்கு 0.1 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். ஜூன் 5 அன்று 10,000 எடுக்கிறார் ஒருவர். கட்டணம் 300. வட்டி நாளுக்கு 10. ஜூன் 20 அன்று வரும் பில்லில் 15 நாள் வட்டி 150 சேர்ந்து 10,450 என்றிருக்கும். கட்டக் கடைசி நாள் ஜூலை 10. அன்று அதை முழுதாகக் கட்டிவிட்டு, கணக்கு தீர்ந்தது என்று இருந்துவிடுகிறார். அடுத்த பில்லில் இன்னும் ஒரு 200 நிற்கிறது.

இதைப் பார்த்ததும் பலரும் வங்கி தவறு செய்துவிட்டதாக நினைக்கிறார்கள். தவறில்லை, ஜூன் 20 முதல் ஜூலை 9 வரை ஓடிய 20 நாள் வட்டி அது. பில் போட்ட நாளில் கணக்கு நின்றது, வட்டி நிற்கவில்லை. ஆக 35 நாளுக்கு அடக்கம் 650. கட்டணத்தையும் அசலோடு சேர்த்து வட்டி போடும் கார்டுகளில் சற்றுக் கூடும். இதே 10,000-க்கு அதே நாளில் பொருள் வாங்கி, பழைய பாக்கி ஏதுமில்லாமல், ஜூலை 10 அன்று முழுதும் கட்டியிருந்தால் வட்டி பூஜ்யம்.

ஆகவே எடுத்துவிட்டவர் பில்லுக்குக் காத்திருக்கக் கூடாது. மூன்று நாள் கழிந்ததுமே அடைத்தால் வட்டி 30-தான். ஆனால் கட்டணம் 300 திரும்பாது. மூன்று நாளுக்கு 330 என்பதை ஆண்டுக் கணக்காக்கினால் 400 விழுக்காட்டைத் தாண்டும். கட்டும் அன்று, 'இன்றோடு முடிக்க எவ்வளவு?' என்று வாடிக்கையாளர் சேவையில் கேட்டு, அந்தத் தொகையைக் கட்டினால் மீதி நிற்காது.

ஏடிஎம் பக்கமே போகாதவரும் இதில் சிக்குவதுண்டு. வாலட்டில் பணம் ஏற்றுவது, வெளிநாட்டு நாணயம் வாங்குவது, லாட்டரிச் சீட்டு, சூதாட்டச் சில்லு ஆகியவற்றைப் பல வங்கிகள் ரொக்கத்துக்குச் சமமாகவே வைக்கின்றன. பில்லில் அந்த வரிக்கு அடியில் தனிக் கட்டணம் விழுந்திருந்தால், வங்கி அதை எப்படி எடுத்துக்கொண்டது என்று ஓரளவு ஊகிக்கலாம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'கைமாற்று' பொருந்தாது, அது வட்டியில்லாமல் சில நாளுக்கு வாங்குவது. வெறும் 'ரொக்கக் கடன்' என்றால், வணிகர்களுக்கு வங்கி தரும் கேஷ் கிரெடிட்டோடு குழம்பும். 'அட்டை ரொக்கக் கடன்' என்பதே சரியாக நிற்கிறது. எதன் மேல், என்னவாக, எந்த வகையில் வாங்குகிறோம் என்ற மூன்றும் அதில் இருக்கின்றன; 'கடன்' என்ற சொல்லும் மறையவில்லை.