0.5 என்று யார் சொன்னது?

இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக இதே பேச்சு. மோட்டார் பழுதாகப் போவதை முன்கூட்டியே சொல்லும் மாடல். "98.2 சதவீதம் சரியாகச் சொல்கிறது, ஆனால் பழுதாகும் மோட்டார்களைக் கோட்டை விடுகிறது, வேறு அல்காரிதம் போடலாமா?" என்று கேட்கிறார்கள். எடுத்துப் பார்த்தால் மாடலில் குறையே இல்லை. `predict()` போட்டுவிட்டு அப்படியே விட்டிருக்கிறார்கள்.

`predict()` 0.5-இல் வெட்டுவதை மாடல் கற்றுக்கொண்ட முடிவு என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. மாடல் கற்றது நிகழ்தகவை மட்டும்தான். எங்கே வெட்டுவது என்பது நம் முடிவு. 0.5-ஐ நடுநிலை என்றும் நினைக்க வேண்டாம். வீணாக ஒரு மோட்டாரைப் பிரித்துப் பார்ப்பதும், பழுதாகப் போகிற ஒன்றைத் தவறவிடுவதும் ஒரே அளவு நஷ்டம் என்று சொன்னால்தான் 0.5 வரும். உங்கள் இடத்தில் அப்படியா?

இப்படிக் கேட்டவர்களின் இடத்தில் வீண் பரிசோதனைக்கு 2 மணி நேரம் போகும். ஒரு பழுதைத் தவறவிட்டால் 40 மணி நேரம் வேலை நின்றுவிடும். முன்பே கண்டுபிடித்திருந்தாலும் பரிசோதனைக்கு அந்த 2 மணி நேரம் ஆகியிருக்கும் என்பதால், தவறவிட்டதன் நிகர நஷ்டம் 38. (இதைக் கழிக்க மறக்கிறவர்கள் நிறைய.) வெட்டுப்புள்ளி 2 / (2 + 38), அதாவது 0.05.

ஒரு மோட்டாருக்கு மாடல் 0.12 சொல்கிறது என்று வையுங்கள். பரிசோதித்தால் வீணாகக்கூடியது சராசரியாக 0.88 × 2 = 1.76 மணி. விட்டுவிட்டால் 0.12 × 38 = 4.56 மணி. பரிசோதிப்பதுதான் சரி. ஆனால் `predict()` இதை "பழுதில்லை" பட்டியலில் போட்டிருந்தது.

```python
p = model.predict_proba(X)[:, 1]
y = (p >= 0.05).astype(int)
```

1000 மோட்டார்களில் 20 பழுதானவை. 0.5-இல் 6 சிக்கின, 4 வீண் எச்சரிக்கை. மொத்த நஷ்டம் 540 மணி. 0.05-இல் 17 சிக்கின, 110 வீண் எச்சரிக்கை. நஷ்டம் 334 மணி. துல்லியம் 88.7 சதவீதமாக இறங்கியதும் பதறிப்போனார்கள். இறங்கட்டும். துல்லியம் இரண்டு தவறுகளையும் ஒரே தட்டில் வைத்து எண்ணுகிறது, அவ்வளவுதான்.

அப்புறம், தயவுசெய்து ஒன்றைச் சரிபாருங்கள். 0.05-ஐ ஒட்டி வந்த மோட்டார்களில் உண்மையிலேயே நூற்றுக்கு ஐந்துதான் பழுதாகிறதா? `class_weight="balanced"` போட்டுப் பயிற்சி கொடுத்திருந்தால் நிகழ்தகவுகள் ஊதிப்போயிருக்கும். சூத்திரம் அப்படியே பொருந்தாது. அப்போது `CalibratedClassifierCV` கொண்டு நிகழ்தகவைச் சீர்செய்யுங்கள். இல்லையென்றால் சரிபார்ப்புத் தரவில் ஒவ்வொரு வெட்டுப்புள்ளிக்கும் மொத்த நஷ்டத்தைக் கணக்கிட்டு, குறைவானதை எடுங்கள். கடைசிச் சோதனைத் தரவில் இதைச் செய்யாதீர்கள். பரிசோதனைக்கு ஆகும் நேரம் மாறினால் மாடலை மறுபடி பயிற்றுவிக்க வேண்டாம். அந்த ஓர் எண்ணை மாற்றினால் போதும்.