"சைன் மட்டும் போட்டா போதும் சார்"

டிசம்பர் 11. கல்லூரிப் பேருந்து கிளம்ப இருபது நிமிடம் இருக்கும்போது இறுதியாண்டு மாணவி ஒருத்தி என் அறை வாசலில் வந்து நின்றாள். கையில் கல்லூரி லெட்டர்ஹெட்டில் அச்சடித்த மூன்று தாள்கள், மூன்றும் பரிந்துரைக் கடிதங்கள். அமெரிக்காவில் பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கிறாள், கடைசி நாள் 15.

"நீங்க எதுவும் எழுத வேணாம் சார், எல்லாம் ரெடி. சைன் மட்டும் போட்டா போதும்."

வாங்கி வாசித்தேன். இவரைப் பரிந்துரைப்பதில் மட்டற்ற மகிழ்ச்சி அடைகிறேன். கடின உழைப்பாளி, நேரம் தவறாதவர், தலைமைப் பண்பு மிக்கவர். தங்கள் பல்கலைக்கழகத்துக்குப் பெரும் சொத்தாக விளங்குவார். இது எனக்கு. இரண்டாவது தாள் எச்.ஓ.டி.க்கு, மூன்றாவது முதல்வருக்கு. எச்.ஓ.டி. தாளில் கடின உழைப்பாளி "விடாமுயற்சி உள்ளவர்" ஆகியிருந்தார். முதல்வர் தாளில் தலைமைப் பண்பு முதல் பத்திக்கு ஏறியிருந்தது. வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை.

இந்தப் பருவத்தில் எனக்கு வந்த ஏழாவது ரெடிமேட் கடிதம் அது. எழுத்தில் எரிச்சல் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் எலெக்ட்ரானிக்ஸ் பாடம் நடத்துகிறவன். ஊர் திரும்புவதற்கு முன் அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் நான்கு ஆண்டுகள் முதுநிலைச் சேர்க்கைக் குழுவில் இருந்தேன். அங்கே என் மேசைக்கு வரும் ஒவ்வொரு ஃபைலிலும் மதிப்பெண் பட்டியல், மாணவர் எழுதிய நோக்க அறிக்கை, மூன்று பரிந்துரைக் கடிதங்கள் இருக்கும். கடிதம் படிக்கும்போது கையில் பென்சில் வைத்திருப்பேன். இந்த ஒரு ஆளுக்கு மட்டுமே பொருந்தும் வரி வந்தால் அடிக்கோடு போடுவது என் வழக்கம். நம் ஊர்க் கடிதங்கள் பலவற்றைப் பென்சில் படாமலே திருப்பி வைத்திருக்கிறேன்.

அப்படிப்பட்ட கடிதம் வந்ததற்காக யாரையும் நிராகரித்துவிட மாட்டோம். அந்தக் கடிதத்துக்குப் பூஜ்யம், அவ்வளவுதான். "வகுப்பில் நன்றாகப் படித்தார்" கடிதம் என்று அதற்கு ஒரு பட்டப்பெயரே உண்டு. நன்றாகப் படித்தார் என்பதை மதிப்பெண் பட்டியலே சொல்லிவிட்டது, அதையே சொல்ல இன்னொரு தாள் எதற்கு? கடினம் என்னவென்றால், பக்கத்து ஃபைலில் மூன்று கடிதமும் பேசும். இவள் ஃபைலில் மூன்றும் ஊமை.

இதெல்லாம் சொன்னால் பிள்ளைகளும் பெற்றோரும் உடனே கேட்பது, "அப்ப இன்னும் பெரிய ஆளா பாத்து வாங்கட்டுமா சார்?" என்னை மிக அதிகமாக எரிச்சல்படுத்தும் கேள்வி இதுதான். அது எங்கிருந்து வருகிறது என்பதும் தெரியும். பள்ளியில் டி.சி. வாங்கினோம், அதில் நடத்தை என்ற கட்டத்தில் "நன்று" என்று போட்டுக் கொடுத்தார்கள். ஆசிரியர் யோசித்து எழுதியதல்ல அது, எல்லாருக்கும் "நன்று"தான். பிறகு போனஃபைடு, கெசட்டட் ஆபீசர் அட்டெஸ்டேஷன். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் பார்ப்பதில்லை. யார் கையெழுத்து, எந்த முத்திரை, பச்சை மையா என்றுதான் பார்ப்பார்கள். இப்படியே வளர்ந்த நமக்குப் பரிந்துரைக் கடிதமும் இன்னொரு நன்னடத்தைச் சான்றிதழாகத் தெரிகிறது.

அது சான்றிதழ் இல்லை, சாட்சி வாக்குமூலம். சாட்சியிடம் கேட்கும் கேள்விகள் இரண்டு: நீ எங்கே நின்றிருந்தாய், என்ன பார்த்தாய். உங்கள் முதல்வர் நான்கு வருடத்தில் உங்களைப் பார்த்தது முதல் நாள் விழாவிலும் சிம்போசியம் மேடையிலும். அவர் பெரிய மனிதர், நல்லவர், ஆனால் சம்பவம் நடந்த இடத்தில் இல்லை. கடல் தாண்டி உட்கார்ந்து படிக்கிறவருக்கு அவர் பெயரும் தெரியாது, நம் ஊரில் முதல்வர் என்றால் எவ்வளவு மரியாதை என்பதும் தெரியாது. ட்ரஸ்ட் சேர்மனிடம் வாங்கினாலும், எம்.எல்.ஏ.விடம் வாங்கினாலும் இதே கதைதான். (எம்.எல்.ஏ. கடிதம் ஒன்றை உண்மையிலேயே பார்த்திருக்கிறேன். அதில் தொகுதியின் பெயர் இரண்டு முறை வந்தது, மாணவனின் பெயர் ஒரு முறை.)

அந்த மாணவிக்கு வருகிறேன். பேருந்தை விட்டுவிட்டு உட்காரச் சொன்னேன். "மூணு வருஷத்துல நீயா கண்டுபிடிச்ச விஷயம் ஒண்ணு சொல்லும்மா."

"அப்படி ஒண்ணும் இல்ல சார்." எல்லாரும் முதலில் சொல்லும் பதில் இது, நம்பாதீர்கள். லேபில் எப்போதாவது எல்லாரும் விட்டுவிட்டுப் போனதை நீ விடாமல் பார்த்தது உண்டா என்று மாற்றிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மினி ப்ராஜெக்ட் கதையைச் சொன்னாள்.

மூன்றாம் ஆண்டில் நான்கு பேர் சேர்ந்து பசுமைக்குடில் மாதிரி ஒன்று செய்தார்கள். வெப்பம் 34 டிகிரியைத் தாண்டினால் பம்பு ஓடித் தண்ணீர் தெளிக்க வேண்டும், 32-க்கு இறங்கினால் நிற்க வேண்டும். பம்பு ஓடியது, நிற்கவே இல்லை. சென்சார் கெட்டுவிட்டது என்று மாற்றினார்கள். பிறகு புரோகிராமில் இருபது ரீடிங் எடுத்துச் சராசரி போட்டார்கள். அப்போதும் நிற்கவில்லை. ரிவியூ நெருங்கியது. மூன்று நிமிடத்தில் பம்பு தானாக நிற்கும்படி டைமர் வைத்துச் சமாளித்துவிடலாம் என்று மற்ற மூவரும் முடிவு செய்தார்கள்.

இவள் மட்டும் ரீடிங்குகளை நோட்டில் எழுதி வைத்துப் பார்த்திருக்கிறாள். பிழை அங்குமிங்கும் ஆடவில்லை. பம்பு ஓடும்போது மட்டும், எப்போதும் மேல்நோக்கி, ஏறக்குறைய 5 டிகிரி. ஆடும் பிழையைச் சராசரி போட்டுக் குறைக்கலாம். ஒரே பக்கம் நிலையாக நிற்கும் பிழையை எத்தனை சராசரி போட்டாலும் அசைக்க முடியாது. அவர்கள் வைத்திருந்தது எல்எம்35 சென்சார், ஒரு டிகிரிக்கு 10 மில்லிவோல்ட் கொடுப்பது. அப்படியானால் எங்கோ 50 மில்லிவோல்ட் கூடுதலாகச் சேர்கிறது. கிரவுண்டு என்பது வோல்டேஜை அளக்கத் தொடங்கும் பூஜ்யப் புள்ளி. பம்பை ஓடவிட்டு, சென்சாரின் கிரவுண்டுக்கும் கன்ட்ரோலரின் கிரவுண்டுக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்தாள். அதே 50. பம்பின் மின்னோட்டம் திரும்புகிற மெல்லிய ஒயரிலேயே சென்சாரின் கிரவுண்டும் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த மின்னோட்டம் ஒயரில் உண்டாக்கிய வோல்டேஜ்தான் ரீடிங்கில் சேர்ந்தது. பம்புக்குத் தனி ஒயர் இழுத்து நேரே சப்ளைக்குக் கொடுத்தாள். பம்பு 32-ல் நின்றது.

இதைக் கேட்டு எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஆராய்ச்சிக்கு ஆள் எடுக்கிறவர் தேடுவதே இதைத்தானே. பிழைக்கு ஒரு வடிவம் இருக்கிறதா என்று பார்த்தது, கணக்குப் போட்டது, அளந்து உறுதி செய்தது, சமாளிப்பை ஏற்காதது. இவ்வளவையும் விட்டுவிட்டு "நேரம் தவறாதவர்" என்று எழுதி எடுத்து வந்திருக்கிறாள்.

"அப்ப லேப்ல கூட இருந்தது யாரும்மா?"

ஓர் இளம் உதவிப் பேராசிரியரின் பெயரைச் சொன்னாள். "அவர்கிட்ட கேட்கலாம்னு தோணல சார். இன்னும் பிஎச்.டி. முடிக்கல, கான்ட்ராக்ட்லதான் இருக்கார்."

மறுநாள் காலை அவரிடம் போய்க் கேட்டாள். மூன்று நாள் அவகாசத்தில் அவர் எழுதிய கடிதத்தின் நடுப்பத்தி, தமிழில் சொன்னால், இப்படி இருந்தது: "மாலை நாலரைக்கு லேபைப் பூட்டப் போனபோது அவர் மட்டும் இருந்தார். பிழை எப்போதும் ஒரே பக்கம் போகிறது, அதனால் சராசரி உதவாது என்று எனக்கே விளக்கினார். நான் சென்சாரைத்தான் சந்தேகப்பட்டிருந்தேன், அது தவறு. இரண்டு ஆண்டுகளில் நான் லேபில் பார்த்த சுமார் நூற்று இருபது மாணவர்களில், அளந்து பார்க்காமல் ஒரு காரணத்தை ஏற்க மறுத்தவர்கள் இருவர். இவர் அதில் ஒருவர்." என் பென்சில் இந்தப் பத்தி முழுவதும் கோடு போட்டிருக்கும். தன் ஊகம் தவறு என்று எழுதியவர் ஒப்புக்கொண்ட இடம்தான் எனக்கு அதிகம் பிடித்தது. அப்படி ஒப்புக்கொள்கிறவரின் பாராட்டை நம்பலாம்.

உங்கள் கடிதத்தை நீங்களே சோதிப்பது எளிது. பெயரை அழித்துவிட்டுப் பக்கத்து பெஞ்சுக்காரன் பெயரைப் போடுங்கள். அப்போதும் கடிதம் உண்மையாகவே இருந்தால் அது உங்களைப் பற்றியதல்ல.

இனி மாணவர்களுக்கு. கடிதத்தை நீங்கள் எழுதாதீர்கள். விண்ணப்பத்தில் "கடிதத்தைப் பார்க்கும் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன்" என்று ஒரு கட்டம் வரும். 1974-இல் வந்த அமெரிக்கச் சட்டம் மாணவருக்குக் கொடுத்த உரிமை அது. பெரும்பாலோர் விட்டுக்கொடுத்து டிக் செய்கிறார்கள், செய்ய வேண்டியதும் அதுதான். ஆனால் எழுதியதே நீ, பார்க்க மாட்டேன் என்று டிக் செய்வதும் நீ என்றால் என்ன அர்த்தம்? பிடிபடுவதும் எளிது. மூன்று ஆசிரியர்களின் பிடிஎஃப் கோப்புகளிலும் "Author" என்ற இடத்தில் மாணவனின் பெயரே இருந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கடிதம் வேண்டாம், நினைவூட்டல் குறிப்பு கொடுங்கள். எந்த செமஸ்டர், எந்தப் பாடம், எந்த லேப், என்ன நடந்தது, எங்கே தவறு செய்தீர்கள், எப்படித் திருத்தினீர்கள் என்று ஒரே பக்கம். ஆசிரியருக்கு அறுபது பேர் வகுப்பு, மறந்திருப்பார். படித்ததும் "ஆமா, அந்தப் பம்பு!" என்றால் அவரிடம் கேளுங்கள். முகம் வெறுமையாக இருந்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஒருவரைத் தேடுங்கள். நடக்காத சம்பவத்தை உருவாக்க வேண்டாம், நேர்காணலில் அதைப் பற்றித்தான் முதல் கேள்வி வரும். சம்பவம் ஒன்று போதும். சிம்போசியத்துக்குக் கோலம் போட்டது, குடும்பக் கஷ்டம் எல்லாம் இந்தக் கடிதத்தில் வேண்டாம்.

சக ஆசிரியர்களுக்கு, கொஞ்சம் தாழ்ந்த குரலில். நானும் திரும்பி வந்த முதல் இரண்டு வருடம் நீட்டியதிலெல்லாம் கையெழுத்துப் போட்டவன்தான். மறுக்கக் கூச்சம், எழுத நேரமில்லை. பல்கலைக்கழகம் நமக்கு அனுப்பும் லிங்க்கைத் திறந்தால் ஒரு படிவம் வரும். முதல் 1 சதவீதமா, 5-ஆ, 10-ஆ என்று கேட்கும். எல்லாருக்கும் எல்லாவற்றிலும் முதல் 1 சதவீதம் என்று தட்டிவிட்டுக் கீழே வெறும் புகழ்ச்சியை ஒட்டினால், அடுத்த ஆண்டு உண்மையிலேயே முதல் 1 சதவீதத்தில் இருக்கும் பிள்ளைக்கு நீங்கள் தட்டும்போது யார் நம்புவார்கள்? "இது எனக்குத் தெரியாது" என்றும் ஒரு கட்டம் இருக்கிறது. தெரியாத இடத்தில் அதைத் தட்டுங்கள். தயவுசெய்து உங்கள் லேப் நோட்டின் பின்பக்கத்தில் செமஸ்டருக்கு நான்கைந்து வரி எழுதி வையுங்கள். இவன் இதைக் கேட்டான், இவள் இதைப் பிரித்துப் பார்த்தாள் என்ற அளவில் போதும்.

அந்த மூன்று தாள்களில் எனக்கானதில் நான் கையெழுத்துப் போடவில்லை. இரண்டாம் ஆண்டு சிக்னல்ஸ் பாடத்தில் அவள் எனக்கு வெறும் ரோல் நம்பராகத்தான் இருந்தாள். அதைச் சொல்லி, அவள் ப்ராஜெக்ட் வழிகாட்டியிடம் அனுப்பி வைத்தேன். அடுத்த விண்ணப்பப் பருவத்துக்கு என்னிடம் வர நினைக்கிறவர்கள் அக்டோபரிலேயே, குறிப்புத்தாளோடு, மதியம் மூன்று மணிக்கு மேல் வாருங்கள். லெட்டர்ஹெட் என்னிடம் இருக்கிறது.