இரண்டாம் சரணத்தில் ஏன் எல்லோரும் அழுகிறார்கள்?

பாட்டு எழுதப் பழகுகிறவர்களின் வரிகளைத் திருத்திக் கொடுப்பது பல வருடங்களாக என் வேலையில் ஒரு பகுதி. பல்லவி பெரும்பாலும் நன்றாகவே வந்திருக்கும். முதல் சரணமும் மோசமில்லை. இரண்டாம் சரணத்துக்கு வந்தால் கண்ணீர் வழியும், நெஞ்சு கனக்கும், தனிமை சூழும். எட்டு வரி ஓடும், ஆனால் பாட்டு நின்ற இடத்திலேயே நிற்கும்.

காரணம் சோம்பல் இல்லை. எழுதுகிறவர் தன்னிடம் இருந்த நல்ல விஷயங்களை எல்லாம் முதல் சரணத்திலேயே செலவழித்துவிடுகிறார். மெட்டோ இரண்டாவது முறையும் அதே எட்டு வரியைக் கேட்கிறது. கையில் மிச்சம் இருப்பது உணர்ச்சி ஒன்றுதான், அதையே எட்டாகப் பிரித்துப் போடுகிறார். நன்னூல் நூலுக்குச் சொல்லும் பத்துக் குற்றங்களில் 'கூறியது கூறல்' ஒன்று, போகப் போக வலுவிழந்து முடிவதான 'சென்று தேய்ந்து இறுதல்' இன்னொன்று. இரண்டும் சேர்ந்து வந்து உட்காரும் இடம் இந்த இரண்டாம் சரணம்.

சமீபத்தில் வந்த ஒரு பாட்டைச் சொல்கிறேன். எழுதிய பெண்ணின் சம்மதத்தோடுதான். இறந்துபோன அப்பாவின் வீட்டைக் காலி செய்யப் போகும் மகளின் பாட்டு. பல்லவி இது:

சாவி இன்னும் கையில் இருக்கு
வீடு மட்டும் இல்லை அப்பா

முதல் சரணத்தில் அப்பாவின் நாற்காலி, மூக்குக் கண்ணாடி, பாதியில் நின்ற கணக்கு நோட்டு எல்லாம் வந்துவிட்டன. அவர் இல்லாத வீடு வீடாகவே இல்லை என்பது கேட்பவருக்குப் புரிந்துவிட்டது. அப்புறம் இரண்டாம் சரணம்:

நீயில் லாத வீட்டுக் குள்ளே
நிழலும் கூட அழுது நிக்கும்
கண்ணில் நீரும் வழிந்து ஓட
நெஞ்சில் பாரம் கூடிப் போகும்
தனிமை வந்து சூழ்ந்து கொள்ளும்
துணையில் லாமல் நானும் வாட
நினைவு தானே சுட்டெ ரிக்கும்
உன்னைத் தேடும் உள்ளம் இங்கே

சந்தம் சுத்தம். 'தான தான தான தானா'வில் எங்கேயும் இடறவில்லை. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது: வாய்க்குச் சுகமாக வருவதால் வரி காலி என்பது எழுதுகிறவருக்குத் தெரிவதில்லை. 'நானும்', 'தானே', 'இங்கே', 'கூட' போன்ற சொற்கள் இந்த அச்சில் கச்சிதமாக உட்காரும். அவற்றை எடுத்துவிட்டுப் படித்தால் அர்த்தத்தில் ஒரு நூல் கூடக் குறையாது.

நான் அவரிடம் ஒரு தாளைக் கொடுத்து, ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அது தரும் செய்தியை வெறும் உரைநடையில் எழுதச் சொன்னேன். உவமை கூடாது, அழகு கூடாது. முதல் இரண்டு வரிக்கு 'அப்பா இல்லை' என்று எழுதினார். அடுத்த நான்குக்கு 'வருத்தமாக இருக்கிறேன்' என்றார், நான்கு முறை. கடைசி இரண்டுக்கு 'அவரை நினைக்கிறேன்'. எட்டு வரியில் மூன்று செய்தி, மூன்றும் முதல் சரணத்திலேயே வந்தவை. அப்புறம் மூன்றாம் வரியையும் ஐந்தாம் வரியையும் இடம் மாற்றிப் படித்தோம். எதுவும் உடையவில்லை. வரிகளை இஷ்டத்துக்கு மாற்றிப் போட முடிகிறது என்றால் அங்கே நகர்வே இல்லை என்று அர்த்தம்.

"பொருள் பின்வருநிலை அணி என்று இருக்கிறதே சார், ஒரே பொருளை வேறு வேறு சொல்லில் சொல்வது அழகுதானே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்த அணியில் திரும்ப வருவது வேண்டுமென்றே வருகிறது என்பது கேட்பவருக்குத் தெரியும், அந்த அடுக்கே அங்கே இன்பம். இங்கே அவர் வேறு சொல்ல எதுவும் இல்லாமல் திரும்பச் சொன்னார். அந்த வித்தியாசம் காதுக்குத் தெரிந்துவிடும்.

வரியைத் திருத்த நான் உட்காரவில்லை. அவரிடம் கேள்வி கேட்டேன். வீட்டைக் காலி செய்த அன்று என்ன நடந்தது? யார் வந்தார்கள்? எதைத் தொட்டீர்கள்? கொஞ்ச நேரம் தயங்கிவிட்டுச் சொன்னார். தொலைபேசிக்கு மேலே சுவரில் அப்பா இவருடைய எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தாராம். ஒரு சண்டைக்குப் பிறகு இவர் எண்ணை மாற்றிவிட்டார், அப்பாவுக்குச் சொல்லவில்லை. வீடு விலைபோய்விட்டது. வாங்கியவரிடம் இரண்டு சாவியைக் கொடுத்துவிட்டு மூன்றாவதை வைத்துக்கொண்டார். இதெல்லாம் பாட்டில் எங்கேயுமே இல்லை!

அடுத்த வாரம் கொண்டுவந்த பிரதியில் எல்லாமே இருந்தது, அதுவும் ஒரு சிக்கல். பத்திரப் பதிவு, அண்ணனின் போன், வங்கிக் கடன், சண்டைக்கான காரணம் என்று வரிக்கு இரண்டு செய்தி. அறையில் இருந்த இன்னொருவருக்கு ஒரே ஒரு முறை படித்துக் காட்டி, என்ன நடந்தது என்று திருப்பிச் சொல்லச் சொன்னோம். அண்ணனும் கடனும் அவர் நினைவில் நின்றன, சுவரில் இருந்த எண் நிற்கவில்லை. பாட்டைக் கேட்கிறவர் புரியாத இடத்தில் பக்கத்தைத் திருப்பிப் பார்க்க முடியாது. வரிக்கு ஒன்று போதும். அண்ணனைக் கழற்றிவிட்டோம். நீண்ட இழுபறிக்குப் பிறகு வந்தது இது:

சுவரில் எழுதி வெச்ச நம்பர்
மாத்திப் போட்டேன் சொல்ல வில்லை
அடிச்சுப் பார்த்து அலுத்தி ருப்பே
கோபம் இப்போ யார்மேல் வைக்க
வீட்டை வாங்கும் ஆளு வந்தார்
வெள்ளை அடிக்க நாளு கேட்டார்
ரெண்டு சாவி கொடுத்து விட்டேன்
மூணு செஞ்சு வெச்சே நீதான்

அதே மெட்டுதான். பக்கத்தில் உரைநடை எழுதிப் பார்த்தால் ஒரு வரி கூட இன்னொன்றைத் திரும்பச் சொல்லவில்லை. நான்காம் வரி சம்பவம் இல்லை, உணர்ச்சிதான். ஆனால் அது வருத்தத்திலிருந்து குற்ற உணர்வுக்குத் திரும்பும் இடம் என்பதால் தன் இடத்துக்குத் தகுதியானது. 'அழுதேன்' என்று யாரும் சொல்லவில்லை. வெள்ளை அடித்தால் அந்த எண் அழிந்துபோகும் என்பதையும் யாரும் சொல்லவில்லை, கேட்பவர் தானே கண்டுபிடித்துக்கொள்வார். வரிக் கடைசியில் ஒலி ஒத்துவரும் இயைபு நிறைய போய்விட்டது உண்மை. வந்தார், கேட்டார் என்ற ஒன்று மிஞ்சியது, எனக்கு அது போதும்.

கடைசி வரிக்குத்தான் அதிக நேரம் எடுத்தது. சரணத்தின் கடைசி வரி முடிந்ததும் பல்லவி திரும்ப வரும், அதன் சொற்களை நாம் மாற்ற முடியாது. ஆனால் அர்த்தத்தை மாற்றலாம். முதல் முறை கேட்டபோது 'வீடு மட்டும் இல்லை' என்பது ஏக்கம். இப்போது வீடு நிஜமாகவே கைமாறிவிட்டது, கையில் இருப்பது கொடுக்காமல் ஒளித்த மூன்றாவது சாவி.

எல்லாப் பாட்டுக்கும் இந்தக் கணக்கு செல்லாது. ஆட்டத்துக்கான பாட்டில், தாலாட்டில், திரும்பத் திரும்பச் சொல்வதுதான் வேலையே. மெட்டு இன்னும் போடவில்லை என்றால் எட்டு வரியை நான்காகக் குறைத்துவிடுவது இன்னும் எளிது, நிரப்பத் தேவையே இல்லை.

இந்தப் பாட்டில் ஒன்று மட்டும் இன்னும் தீரவில்லை. பாடிப் பார்த்தபோது 'அடிச்சுப் பார்த்து' என்பது அப்பா யாரையோ அடித்தது போலக் கேட்கிறது என்றார் பாடியவர். 'போட்டுப் பார்த்து' என்று மாற்றலாம், ஆனால் முந்தைய வரியில் ஏற்கெனவே 'போட்டேன்' இருக்கிறது. இரண்டையும் பென்சிலில் எழுதி வைத்திருக்கிறோம்.