பிறேக்குக்குச் சப்பாத்து எதற்கு?

வாகனத் திருத்தம் படிக்கும் பிள்ளைகளின் மொழிபெயர்ப்புக் கையேடுகளில், ஆங்கிலத்தின் ‘பிறேக் சூ’, ‘பிறேக் பாட்’ என்பவற்றுக்கு எழுதும் ‘தடுப்புச் சப்பாத்து’, ‘தடுப்பு மெத்தை’ என்ற இரண்டு சொற்களையும் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. அண்மையில் கண்ட ஒன்றில் மோட்டார் சைக்கிளின் பின்சில்லுப் படத்துக்குக் கீழே ‘வட்டுத் தடுப்பின் மெத்தை’ என்று அச்சாகியிருந்தது. அந்தப் படத்தில் வட்டும் இல்லை, மெத்தையும் இல்லை.

படத்தில் இருந்தவற்றைச் சொல்கிறேன். சில்லின் நடுவில் மூடிய அலுமினியக் குடம். அதன் பக்கத்தில் அசையாத தட்டு ஒன்று. தட்டுக்கு வெளியே ஒரு சிறு நெம்பு, அதில் கால்மிதியிலிருந்து வரும் நீளக் கம்பி, கம்பியின் நுனியில் இறுக்கம் சரிசெய்யும் நட்டு. இவ்வளவும் தெரிந்தால் அது டிரம் பிறேக்தான். கம்பி இழுக்க நெம்பு திரும்பும். உள்ளே இருக்கும் இரண்டு பிறை வடிவத் துண்டுகள் விரிந்து டிரம்மின் உட்சுவரில் உரசும். அந்தப் பிறைத் துண்டைத்தான் நம் கராச்காரர்கள் ‘பிறேக் சூ’ என்கிறார்கள். பல வண்டிகளில் நெம்போடு சேர்ந்து ஒரு சிறு அம்புக்குறியும் இருக்கும். பிறேக்கை முழுதாக மிதிக்கும்போது அது தட்டில் உள்ள எல்லைக் கோட்டைத் தொட்டால் சூ தேய்ந்துவிட்டது என்று பொருள்.

வட்டு பிறேக் என்றால் படம் வேறு மாதிரி இருக்கும். மினுங்கும் தட்டையான இரும்பு வட்டு வெளியே தெரியும். அதன் விளிம்பை ஓரிடத்தில் மட்டும் கவ்வியபடி ‘கலிப்பர்’ நிற்கும். கலிப்பருக்குள் வட்டின் இரு முகங்களையும் அழுத்துபவைதான் பாட். ஒரு தட்டை இரும்புத் தகட்டில் உராய்வுப் பொருள் ஒட்டியிருக்கும், அவ்வளவுதான். எண்ணெய்க் குழாய் தெரிவதை மட்டும் வைத்து வட்டு என்று முடிவுகட்டக் கூடாது. கார்களின் டிரம் பிறேக்குக்கும் பின்தட்டு வழியாக எண்ணெய்க் குழாய் போகும்.

சரி, சொல்லுக்கு வருவோம். ஆங்கிலத்தில் சூ என்ற பெயர் வண்டிக்காரரிடமிருந்து வந்தது. பாரவண்டி சரிவில் இறங்கும்போது சில்லுக்கு அடியில் ஓர் இரும்புத் துண்டை வைத்து அதைச் சறுக்கவிடுவார்கள். சில்லின் அடியில் சப்பாத்துப் போலக் கிடந்ததால் அதற்கு அப்பெயர். பாட் என்பது மெத்து, திண்டு போன்ற பொருளில் வழங்கிய சொல்.

இந்த வரலாறு ஆங்கிலத்துக்குரியது. நம் மாட்டுவண்டிக்காரர் யாரும் சில்லுக்குச் சப்பாத்துப் போட்டதில்லை. ‘சப்பாத்து’ என்று வாசிக்கும் பிள்ளைக்குக் காலில் போடுவது நினைவுக்கு வருமே தவிர, வளைந்த இரும்பும் அதன் முதுகில் ஒட்டிய அல்லது ஆணி அறைந்த உராய்வுப் பட்டையான லைனரும் நினைவுக்கு வராது. ‘மெத்தை’ இன்னும் கெடுதி. பாட் மென்மையான பொருளே அல்ல. தமிழகத்தில் சிலர் எழுதும் ‘காலணி’யும் இதே பிழைதான், சற்றுச் சுத்தமான உடுப்பில் நிற்கிறது. தூய தமிழ் வேண்டும் என்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. அகராதியின் முதல் பொருளை எடுத்து ஒட்டுவது தூய்மை ஆகாது. மொழிபெயர்ப்பவர் பொருளைக் கையில் எடுத்துப் பார்த்திருந்தால் இந்தச் சொல் பிறந்தே இருக்காது. பரீட்சை வினாத்தாள்களில் இது நுழைந்துவிட்டால் பிறகு பிடுங்குவது கடினம்.

நம்மிடம் ஏற்கெனவே ஒரு சொல் இருக்கிறது. சைக்கிள் றிம்மில் உரசும் றப்பர்த் துண்டைப் ‘பிறேக் கட்டை’ என்கிறோம். உரசித் தேய்வதற்கென்றே வைத்த துண்டு என்ற பொருள் அதில் தெளிவாக இருக்கிறது. அதையே எடுத்து, டிரம்முக்குள் இருப்பதை ‘வளைகட்டை’ என்றும் கலிப்பருக்குள் இருப்பதைத் ‘தட்டைக்கட்டை’ என்றும் சொல்லலாம். பெயரைக் கேட்டதும் வடிவம் தெரியும், வடிவத்தைப் பார்த்ததும் பெயர் வரும். கடையில் பாட், சூ என்றே கேளுங்கள், அதில் குழப்பம் இல்லை. எழுத்தில் தமிழ் வேண்டுமென்றால் கட்டை போதும். டிரம்மை ‘முரசு’ ஆக்கத் தேவையில்லை, டிரம் என்றே இருக்கட்டும்.

ஒரு படம் மட்டும் எல்லோரையும் தடுமாற வைக்கும். சில கார்களின் பின்சில்லில் வட்டின் நடுப்பகுதி தொப்பி போலக் குழிந்து, அந்தக் குழியே கைப்பிறேக்குக்கான சிறிய டிரம்மாக வேலை செய்யும். வட்டைக் கழற்றியபின் எடுத்த படத்தில் வளைகட்டைகள்தான் தெரியும். உடனே டிரம் பிறேக் என்று எழுதிவிடாமல், ஓரத்தில் கலிப்பரோ அதைப் பூட்டும் இரும்புச் சட்டமோ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். தெரிந்தால் கால்பிறேக்குக்குத் தட்டைக்கட்டை, கைப்பிறேக்குக்கு வளைகட்டை என்று இரண்டையும் எழுத வேண்டும்.